அக்காவின் பெயரில் ஒரு பக்கம்

அக்காவுக்கு வேலை கிடைத்த அடுத்த மாதம், கரமனையில் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டுக் கல்யாணம் வந்தது. அறுபதுகளின் கடைசி வருஷங்கள். எங்களுடையது மலையாள ஊரில் குடியேறிய தமிழ்க் குடும்பம். அவள் தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். நான் அப்போது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. அண்ணன் அப்பாவோடு கடையில் இருந்தான்.

சாப்பாட்டுப் பந்தலுக்குப் போகிற வழியில் மொய் மேசை போட்டிருந்தார்கள். இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணித் துணிப்பையில் போடுவார். மற்றவர் நீளக் கணக்கு நோட்டில் எழுதுவார். எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுவார், கொடுத்தவர் காதிலும் பின்னால் நிற்பவர் காதிலும் விழுகிற மாதிரி. ஊர், தகப்பனார் பெயரின் முதல் எழுத்து, பெயர், தொகை. தொகையை எண்ணாலும் எழுதுவார்கள், எழுத்தாலும் எழுதுவார்கள். அப்பா பதினொரு ரூபாய் எழுதிவிட்டு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் நின்ற அக்கா ஐந்து ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினாள்.

எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்பா எழுதியாச்சே, பிள்ள."

"அது அப்பாது. இது என்னோடது."

"ஒரு வீட்டுல ரெண்டு மொய் எதுக்கு? அப்பா கணக்குல சேத்துப் பதினாறுன்னு போட்டுரட்டா?"

"வேண்டாம். தனியா எழுதுங்க. என் பேரு எழுதுங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா திரும்பிப் பார்த்தார். எழுதுகிறவர் அப்பாவின் பெயரை எழுதி, பக்கத்தில் 'மகள்' என்று போட்டு, அதற்குப் பிறகுதான் அவள் பெயரைச் சின்னதாக எழுதினார். அக்கா குனிந்து அதைப் படித்துப் பார்த்த பிறகே வெற்றிலைக்குக் கை நீட்டினாள்.

அன்று சாயங்காலம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் அந்தக் கல்யாணத்தை எழுதிவைத்தாள். செய்தது, ஐந்து ரூபாய். அதற்கு எதிரே 'வந்தது' என்று ஒரு கட்டம். அது காலியாக இருந்தது.

மொய் என்பது இனாம் இல்லை என்பதை எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். ஒரு வீட்டிலிருந்து பத்திரிகை வந்தால் அப்பா முதலில் பீரோவைத் திறந்து நம் வீட்டுப் பழைய மொய் நோட்டை எடுப்பார். அவர்கள் நமக்கு எவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். ஐந்து செய்திருந்தால் அந்த ஐந்து பழைய மொய், அதைத் திருப்ப வேண்டும். அதற்கு மேல் இரண்டோ ஐந்தோ சேர்த்து வைப்பார். அந்த அதிகப்படி நம்முடைய புது மொய். அது இனி அவர்கள் நமக்குச் செய்ய வேண்டியது. திரும்பி வந்ததும் நோட்டில் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்து, 'செய்தாச்சு' என்று பக்கத்தில் எழுதுவார். வாங்கிய ஐந்துக்குச் சரியாக ஐந்தே வைத்துவிட்டு வந்தால், இதோடு உங்களுக்கும் எங்களுக்கும் சரி என்று அர்த்தம். அதைக் கோபித்துக்கொண்டவர்கள்தான் செய்வார்கள். பாத்திரமாகக் கொடுப்பதற்கு நோட்டின் கடைசியில் தனிப் பக்கம் உண்டு. பாத்திரத்தில் கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கும், மறந்துபோகாது. ரூபாய் நோட்டில் யார் பெயரும் இருக்காது. அது யார் கொடுத்தது என்பதற்குக் கணக்கு நோட்டு ஒன்றுதான் சாட்சி.

அப்பா போன பிறகு கடை அண்ணனுக்கு வந்தது. மொய் நோட்டும் அவனுக்கு வந்தது. எனக்குக் கல்யாணமாகி, ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராகி, கிள்ளிப்பாலத்தில் குடியிருந்தேன். நாங்கள் வைக்கிற மொய்யெல்லாம் என் வீட்டுக்காரர் பெயரில் போய்விடும். எனக்கு அதில் குறையாக எதுவும் தோன்றியதும் இல்லை. அக்காவுக்கு மூன்று நான்கு இடம் வந்து தட்டிப்போயிற்று. பிறகு அவளே வேண்டாம் என்றுவிட்டாள். அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு, மாதாமாதம் சம்பளத்தில் பாதியை மதினி கையில் கொடுத்துவிட்டு ஆபீஸ் போய்வந்தாள். மதினி என்றால் அண்ணனுடைய மனைவி. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எங்கே போனாலும் அண்ணன் எழுதிய பிறகு அக்காவும் தனியாக எழுதுவாள். ஐந்து, ஏழு, பதினொன்று, பின்னால் இருபத்தொன்று. வந்து தன் நோட்டில் குறித்துக்கொள்வாள்.

பதினான்கு வருஷத்தில் அந்த நோட்டு நிறைந்தது. 'வந்தது' கட்டம் ஒன்றுகூட நிறையவில்லை. அவள் பெயரில் ஒரு விசேஷமும் நடக்கவில்லையே, எப்படி நிறையும்?

எண்பதுகளின் தொடக்கத்தில் அவள் பாப்பனங்கோட்டுக்கு உள்ளே நாலு சென்ட் இடம் வாங்கினாள். ஆபீஸில் கடன் போட்டு இரண்டு அறையும் ஒரு அடுக்களையும் கட்டினாள். கதவு, ஜன்னல் வேலைக்கு வந்தபோது கடன் பணம் தீர்ந்துவிட்டது. ஆசாரிக்கு எழுநூற்றைம்பது ரூபாய் பாக்கி. ஒருநாள் என் வீட்டுக்கு வந்து அந்த நாற்பது பக்க நோட்டை என் முன்னால் வைத்தாள்.

"கூட்டிப் பாரு" என்றாள்.

கூட்டினேன். ஐம்பத்தெட்டு விசேஷம். அறுநூற்று எழுபது ரூபாய் சொச்சம்.

"எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தானே வைப்பாங்க? எண்ணூறுக்குக் குறையாது. ஆசாரிக்குப் பால்காய்ப்பு அன்னைக்குத் தாறேன்னு சொல்லிட்டேன்."

பால்காய்ப்பு என்கிற கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அவள் பெயரிலேயே அச்சானது. பழவங்காடிக்குப் பக்கத்து அச்சகத்தில் 'இப்படிக்கு' என்பதற்குக் கீழே யார் பெயர் போட என்று இரண்டு தடவை கேட்டார்களாம். அண்ணன்கூடச் சொல்லிப் பார்த்தான். "என் பேரப் போட்டா பஜார்ல நாலு பேரு கூட வருவாங்கம்மா." அவள் கேட்கவில்லை. அவனுக்கு வருத்தம்தான். ஆனாலும் தங்கைக்குச் சீராக ஒரு குத்துவிளக்கு, பித்தளை அண்டா, எவர்சில்வர் குடம், தட்டு, டம்ளர் என்று ஒரு வீட்டுக்கு வேண்டியதெல்லாம் வண்டியில் ஏற்றி அனுப்பினான்.

மொய் எழுத நான் உட்கார்ந்தேன். பொம்பளை மொய் எழுதி நான் அதுவரை பார்த்ததில்லை. அக்காதான் பிடிவாதமாக என்னை உட்கார வைத்தாள். புது நோட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியில் சாமி பேருக்கு ஒன்றேகால் ரூபாய் எழுதினேன். அடுத்த வரி தாய்மாமனுக்கு உள்ளது. மாமா நாகர்கோவிலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து ஐம்பத்தொரு ரூபாய் வைத்தார். மூன்றாவது வரி என் வீட்டுக்காரர், நூற்றொன்று. பணம் வாங்கி எண்ணுவதும் அவர்தான்.

அதற்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். வாழ்த்தினார்கள், இலையில் உட்கார்ந்தார்கள், பாயசம் நன்றாக இருக்கிறது என்றார்கள். மேசைக்கு வந்தவர்கள் இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் வைத்தார்கள். அக்கா மூன்று விசேஷத்துக்குச் செய்த வீட்டிலிருந்து இரண்டு ரூபாய். சில பேர் மேசைப் பக்கமே வராமல் போனார்கள். உரக்கச் சொல்லி எழுதுவதுதான் முறை. எனக்குச் சத்தம் கம்மிக்கொண்டே வந்தது.

ஆபீஸிலிருந்து ஒரு கூட்டம் வந்தது, எல்லாரும் மலையாளிகள். அவர்கள் ஒரு கவரைக் கொடுத்துவிட்டு நகரப் பார்த்தார்கள். "யார் பேருல எழுதணும்?" என்று கேட்டேன். "பேரொண்ணும் வேண்டாம் டீச்சரே, எல்லாரும் சேர்ந்து போட்டது" என்றார் ஒருவர். உள்ளே நூற்றைம்பது ரூபாய் இருந்தது. பெயர் இல்லாமல் வந்த பணத்தை எப்படித் திருப்புவது என்று எனக்கு விளங்கவில்லை. 'ஆபீஸ்' என்று மட்டும் எழுதினேன்.

மத்தியானம் கழிந்து சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர் வந்தார். அப்பா காலத்துப் பழக்கம். கணக்கில் கறாரான மனிதர். இரண்டு ரூபாய் வைத்தார். என் முகத்தில் அவர் எதையோ பார்த்திருக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்தார்.

"தப்பா நெனச்சிராதம்மா. நான் நோட்டப் பாத்துக் குறிச்சுக்கிட்டுத்தான் வந்தேன். எங்க வீட்டு விசேஷத்துக்கு உங்க அக்கா அஞ்சும் பதினொண்ணும் செஞ்சிருக்கு. உங்க அண்ணன் ஐம்பத்தொண்ணு. எல்லாம் சேத்து அறுவத்தேழு. போன வருஷம் உங்க அண்ணன் மக சடங்குக்கு நான் எழுபத்தஞ்சு எழுதிட்டேன். இது இன்னைக்கு வெறுங்கையோட வரக்கூடாதுன்னு வச்சது."

"அக்கா தனியா எழுதினதாச்சே, அண்ணாச்சி?"

"தனியா எழுதலாம்மா. ஆனா நோட்டுல வீட்டுக்கு ஒரு பக்கந்தான். கல்யாணம் ஆகுறவரைக்கும் மக கணக்கு அப்பன் பக்கத்துல. அப்பன் இல்லன்னா அண்ணன் பக்கத்துல. நான் மட்டும் இல்ல, எல்லாரும் அப்படித்தான் போட்டிருப்பாங்க."

அவர் சொன்னதில் கள்ளம் எதுவும் இல்லை. அவர் கணக்குப்படி அவர் செய்ய வேண்டியதற்கு மேல் செய்திருந்தார். நான் எழுந்து உள்ளே போனேன். அக்கா அடுக்களையில் பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் குழாயை மூடிவிட்டு, ஈரக்கையோடு அப்படியே நின்றாள்.

"அப்போ நான் யாருக்குமே எதுவும் செய்யல, இல்லியா?" என்றாள்.

சாயங்காலம் பக்கம் பக்கமாகக் கூட்டி, கடைசி வரியில் எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டேகால். ஆசாரி தென்னை மரத்தடியில் காத்துக்கொண்டிருந்தார். நானூறு ரூபாயை அக்கா அவர் கையில் கொடுத்தாள். "பாக்கி பின்ன மதி சேச்சி, கொழப்பமில்ல" என்று, மிச்சத்தைப் பிறகு தந்தால் போதும் என்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டு அவர் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். சண்டை போடப் போகிறாள் என்று பயந்தேன். அவள் தன் நோட்டை அண்ணன் முன்னால் வைத்துவிட்டு, ஜவுளிக்கடைக்காரர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

மதினிக்குத்தான் முதலில் கோபம் வந்தது. "இது என்ன கணக்கு? வந்த மொய் பூரா சடங்குச் செலவுக்கே போச்சு. அன்னைக்கு உனக்கும்தானே பட்டு எடுத்தோம். பதினாலு வருஷம் ஒரே அடுப்புல சாப்பிட்டுட்டு இப்ப வந்து பிரிச்சுக் கேட்டா எப்படி?"

"சம்பளத்துல பாதி குடுத்துத்தானே சாப்பிட்டேன் மதினி. அத நான் கேக்கல. பணத்தக்கூட இப்பக் கேக்கல. என்னோடது எதுன்னு பாக்கணும், அவ்வளவுதான்."

அண்ணன் எழுந்தான். பீரோவைத் திறந்து அவனுடைய மூன்று மொய் நோட்டுகளையும் எடுத்துவந்தான். மூத்தவனுக்குக் காதுகுத்து, மாடி கட்டிய பால்காய்ப்பு, மகள் சடங்கு. தான் மற்றவர்களுக்குச் செய்ததைக் குறித்த நோட்டையும் எடுத்தான். நாங்கள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். அண்ணன் செய்தது இவ்வளவு, அக்கா செய்தது இவ்வளவு, வந்தது இவ்வளவு. வந்தது அண்ணன் செய்ததைவிட எவ்வளவு கூடுதல் என்று பார்த்தால், அநேகமாக எல்லாப் பெயரிலும் அக்காவின் தொகை உள்ளே ஒளிந்திருந்தது. அண்ணன் ஐந்து செய்த இடத்திலிருந்து பதினைந்து. பதினொன்று செய்த இடத்திலிருந்து இருபத்தைந்து.

அண்ணனின் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். சடங்கு முடிந்த மறுநாள் அவன் அந்த நோட்டை எங்களுக்கெல்லாம் படித்துக் காட்டியது எனக்கு நினைவு இருக்கிறது. "பாருங்க, நான் செஞ்சதுக்கு எவ்வளவு கூட வச்சிருக்காங்க. பஜார்ல நமக்கு உள்ள மரியாத அது" என்று சொல்லியிருந்தான். இப்போது அவன் விரல் அதே வரிகளில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"எல்லாம் உன் பணமா?" என்றான், நோட்டைப் பார்த்தபடியே.

"எல்லாம் இல்லண்ணே. ஜவுளிக்கடைக்காரர் வச்சதுல எட்டு ரூவா உனக்குப் புதுசா வச்சது" என்றாள் அக்கா. அவள் வேடிக்கையாகச் சொன்னாளா நிஜமாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. அண்ணன் சிரித்துவிட்டான். கண் கலங்கியிருந்தது.

கணக்கு முடிய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முப்பத்தொரு பெயர், நானூற்றுப் பதினெட்டு ரூபாய். அண்ணன் உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்தான்.

"ஐநூத்தொண்ணா வச்சுக்கோ. உன் நோட்டுல என் பேர்ல எழுதிரு. முடிஞ்சுபோகும்."

அக்கா வாங்கவில்லை. "உன் பேர்ல எழுதினா அது உன் மொய். நாளைக்கு உன் மகன் கல்யாணத்துக்கு நான் ஐநூத்தொண்ணுக்கு மேல செய்யணும். அந்த முப்பத்தொரு பேரும் எனக்குச் செய்யாதவங்களாவே இருப்பாங்க. யாரு செஞ்சாங்களோ அவங்க பேர்ல, அவங்க தொகைய எழுது. நானூத்திப் பதினெட்டுதான் வேணும். ஒரு ரூவா கூட வேண்டாம்."

"அவங்க நோட்டுல என் பேருல்லா இருக்கு?"

"அத நீதான் போய்ச் சொல்லணும்."

மதினி, "நல்லா இருக்கு. கடைகடையாப் போயி எந்தங்கச்சிக்குத் தனிப் பக்கம் போடுங்கன்னு இவுக கேக்கணுமாக்கும்" என்றாள்.

அண்ணன் நோட்டுகளை அடுக்கிப் பீரோவில் வைத்தான். எங்களுக்குக் காபி வந்தது, குடித்தோம், கிளம்பினோம். பஸ்ஸில் அக்கா, "அவன் போகமாட்டான். நான் கேட்டிருக்கக் கூடாதோ?" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கடைத்தெருவில் அவனுக்கு ஒரு தலைநிமிர்வு உண்டு. வந்த மொய்யில் தனக்கு உரிமையில்லாதது இருந்தது என்று அவனே போய்ச் சொல்வதென்றால் எளிதா?

ஆனால் போனான். அவன் எங்களிடம் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து ஜவுளிக்கடைக்கு நான் ரவிக்கைத் துணி எடுக்கப் போனபோது அவர்தான் சொன்னார். "உங்க அண்ணன் வந்திருந்தான். இத்தன வருஷத்துல இப்படி ஒருத்தரும் வந்து கேட்டதில்ல. மொய்ய மறைச்சவன் உண்டு, இல்லன்னு சொன்னவன் உண்டு. எனக்கு வந்தது எனக்குள்ளது இல்ல, எந்தங்கச்சிக்குள்ளது, மாத்தி எழுதுங்கன்னு சொன்னவன் இவன்தான்." அவர் நோட்டை எடுத்துக் காட்டினார். அண்ணன் பக்கத்தில் எழுபத்தைந்தை அடித்து ஐம்பத்தொன்பது என்று திருத்தியிருந்தார். பின்னால் ஒரு புதுப் பக்கத்தின் தலைப்பில் அக்காவின் பெயர். அவள் செய்த ஐந்தும் பதினொன்றும் வரவில் ஏறியிருந்தன. அவர் திருப்பிய பதினாறு எதிரே இருந்தது.

எல்லாரும் அப்படிச் செய்யவில்லை. முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் மாற்றிக்கொண்டார்கள். சிலர் சிரித்து, சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பினார்களாம். ஒருவர், பெண்பிள்ளை பெயரில் பக்கம் போட்டால் அவள் காலத்துக்குப் பிறகு அதை யார் திருப்புவது என்று கேட்டாராம். அண்ணன் அடுத்த கடைக்கு நடந்தானாம். அந்தக் கேள்வி இன்றுவரை என் மனசில் கிடக்கிறது.

அண்ணன் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்த அன்று, நான் அக்காவின் நோட்டை விரித்து, அங்கே இல்லாத முப்பத்தொரு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லி எழுதினேன். மாற்றிக்கொள்ளாத பன்னிரண்டு பேரையும் விடாமல் எழுதச் சொன்னாள். அவர்கள் நோட்டில் எப்படி இருந்தாலும் பணம் அவர்கள் கொடுத்ததுதானே என்றாள். ஆசாரிக்கு மறுநாளே பாக்கி முந்நூற்றைம்பது போய்ச்சேர்ந்தது. அதன் பிறகு விசேஷங்களுக்குப் போகும்போது அக்கா தன் நோட்டைப் பார்த்துவிட்டுப் போனாள், அப்பா பார்த்ததைப் போல.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு விடுமுறை நாளில் நான் பாப்பனங்கோட்டில் இருந்தபோது மதினி வந்தாள். தனியாக வந்திருந்தாள், அது வழக்கமில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து, ஐந்து ஐந்தாக இருபத்தைந்து ரூபாயை எண்ணி மேசையில் வைத்தாள்.

"பால்காய்ப்புக்கு நான் ஒண்ணும் எழுதல."

"அண்ணன்தான் அவ்வளவு சீர் செஞ்சானே, மதினி" என்றாள் அக்கா.

"அது அவுக செஞ்சது. இது நான் தையல் தச்ச காசு. எழுது."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் நோட்டை எடுத்தேன். பேனாவைத் திறந்தபோதுதான், இத்தனை வருஷத்தில் மதினியின் பெயரை நான் எங்கேயும் எழுதியதில்லை என்பது உறைத்தது. முதல் எழுத்தாக அவள் அப்பாவுடையதைப் போடுவதா, அண்ணனுடையதைப் போடுவதா என்று கேட்டேன்.

மதினி கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டும் வேண்டாம். வெறும் பேரு போதும்" என்றாள். எழுதி முடித்ததும் உரக்கப் படிக்கச் சொன்னாள். படித்தேன். அக்கா எழுந்துபோய் வெற்றிலை பாக்கைத் தட்டில் வைத்து எடுத்துவந்தாள்.

அந்த இருபத்தைந்தைத் திருப்ப அக்கா பல தடவை முயன்றாள். அண்ணன் மகன் கல்யாணத்தில் மதினி பெயருக்கென்று தனியாக முப்பத்தைந்து நீட்டினாள். இது உங்க அண்ணன் வீட்டு விசேஷம், என் விசேஷம் இல்லை என்று மதினி மறுத்துவிட்டாள். கையில் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டாள். விசேஷம் இல்லாமல் மொய் வாங்கக் கூடாது என்பாள். உங்களுக்கென்று எப்போது விசேஷம் வரும் என்று அக்கா கேட்டால், "பாப்போம்" என்று சொல்லிவிட்டு, தையல் மெஷினில் துணியை நகர்த்திக்கொண்டிருப்பாள்.